சின்னக் காதுக்குப் போகிற கதை: படக்கதைப் பிரதியைத் திருத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கத்து அங்கன்வாடிகளில் கதை வாசிப்பதும், இங்கே எழுதுகிறவர்களின் படக்கதைப் பிரதிகளைத் திருத்திக் கொடுப்பதும் என் வேலை. டீச்சர்களும் அம்மாமார்களும் புதிதாக எழுத வருகிறவர்களும் என்னிடம் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவரவர் கேட்டபடியே இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்கிற பிள்ளைகளுக்கு மூன்று முதல் ஐந்து வயது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கான புத்தகம் வேறு வகை, அதை நான் தொடவில்லை. உதாரணத்துக்கு ஒரே கதையை வைத்துக்கொள்கிறேன். செல்வி என்கிற சின்னப் பெண் அப்பத்தாவோடு கடற்கரைக்குப் போய், ஒவ்வொரு பொருளுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று பார்க்கிற கதை அது.

கதை நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் எதுக்குத் திருத்தணும்?

அவர்கள் கண்ணால் வாசித்துவிட்டுச் சொல்கிறார்கள். கண் வேண்டிய இடத்தில் நின்றுகொள்ளும், புரியாவிட்டால் திரும்பிப் போகும். நாலு வயதுப் பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. ஒருவர் வாயிலிருந்து வருகிற ஒலி ஒரே ஒரு தடவைதான் காதைத் தாண்டிப் போகும். வாக்கியத்தின் முடிவு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிட்டால் அந்தப் பக்கமே பிள்ளைக்கு இல்லாமல் போகிறது.

செல்வி கதையின் முதல் வாக்கியம் என் கைக்கு வந்தபோது இப்படி இருந்தது: “கதிரவன் உதிக்கும் அதிகாலை வேளையில் கடற்கரை மணலில் தன் பாட்டியுடன் நடந்து சென்றுகொண்டிருந்த சிறுமி செல்வி, ஈர மணலில் காணப்பட்ட சிறு துளை ஒன்றினைக் கண்டு வியப்படைந்தாள்.” இருபது சொல். இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் செல்வி என்கிற பெயர் வருவதே பன்னிரண்டாவது சொல்லில்தான். அதுவரை யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிள்ளைக்குத் தெரியாது.

அப்போ இந்த வாக்கியத்தை எப்படி மாத்துனீங்க?

முதலில் சத்தமாக வாசித்தேன். எங்கே மூச்சு தானாக நின்றதோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டேன். நாலு இடத்தில் நின்றது. அந்த வாக்கியத்துக்குள் நாலு வாக்கியம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அடுத்து, படம் சொல்லப்போகிற செய்திகளை எடுத்தேன். சூரியன், அப்பத்தா, நடப்பது, கடற்கரை எல்லாமே படத்தில் வந்துவிடும். மிச்சம் இருந்தது ஓட்டையும் செல்வியின் ஆச்சரியமும்தான். ‘வியப்படைந்தாள்’ என்று நாம் அறிவிப்பதைவிட, ஆச்சரியப்பட்ட பிள்ளை வாயில் என்ன வருமோ அதைப் போடுவது மேல்.

கடைசியில் நின்றது இது:

காலை நேரம். ஈர மணல்.
மணலில் ஒரு குட்டி ஓட்டை.
எட்டிப் பார்த்தாள் செல்வி.
“உள்ளே யாரு? உள்ளே யாரு?”

பதினைந்து சொல். எண்ணிக்கையில் ஐந்துதான் குறைந்திருக்கிறது. ஆனால் ஒரு மூச்சுக்கு மூன்று நாலு சொல்லுக்கு மேல் இல்லை. வரிகளை உடைத்ததும் மூச்சை வைத்துத்தான். ‘எட்டிப்’ என்பதை ஒரு வரியிலும் ‘பார்த்தாள்’ என்பதை அடுத்த வரியிலும் விட்டால் வாசிக்கிறவர் நடுவில் தடுக்கி விழுவார். புத்தகத்தை வடிவமைக்கிறவர் இடத்துக்கு ஏற்றபடி வரியை மடக்கப் பார்ப்பார். மடக்கக் கூடாது என்று பிரதியிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பேச்சுத் தமிழ்ல எழுதணுமா, எழுத்துத் தமிழ்லயா?

கதை சொல்கிற குரலுக்கு எளிய எழுத்துத் தமிழ், பாத்திரம் வாய் திறந்தால் பேச்சுத் தமிழ். நான் இந்த முறையில்தான் போகிறேன். மேலே ‘பார்த்தாள்’ என்றும் ‘யாரு’ என்றும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது அதனால்தான். எல்லாவற்றையும் பேச்சில் எழுதினால் ஒவ்வொரு ஊர்க்காரரும் தன் பேச்சு இல்லையே என்று தடுமாறுவார். ‘பாத்தா’ என்று அச்சடித்தால் ‘பார்த்தாள்’ என்பதா, ‘பார்த்தால்’ என்பதா என்று வாசிக்கிறவர் ஒரு கணம் யோசிப்பார்.

எழுத்துத் தமிழிலும் இரண்டு தட்டு உண்டு. சென்றாள், கூறினாள், கண்டாள், அமர்ந்தாள், உண்டாள் ஒரு தட்டு. போனாள், சொன்னாள், பார்த்தாள், உட்கார்ந்தாள், சாப்பிட்டாள் இன்னொரு தட்டு. பிள்ளை வீட்டில் கேட்கிற சொல்லோடு வேர் ஒன்றாக இருப்பது இரண்டாவது தட்டுதான். ‘போனாள்’ என்பதற்கும் ‘போனா’ என்பதற்கும் இடைவெளி ஓர் எழுத்து. ‘சென்றாள்’ முற்றிலும் வேறு சொல்.

புது வார்த்தையே வரக் கூடாதுன்னா பிள்ளைங்க எப்படித்தான் கத்துக்கும்?

வரலாம், வர வேண்டும். எந்தச் சொல் கடினம் என்பதில்தான் நாம் தப்புக் கணக்குப் போடுகிறோம். படத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய பெயர்ச்சொல் எதுவும் பிள்ளைக்குக் கடினமில்லை. கடலோரம் இல்லாத கமுதிப் பக்கத்துப் பிள்ளை வள்ளம் என்கிற படகைப் பார்த்திருக்காது. ஆனால் புத்தகத்தில் வள்ளத்தின் படம் இருந்தால் ஒரே தடவையில் பிடித்துக்கொள்ளும். உண்மையில் கடினமானவை ‘எனினும்’, ‘ஆகவே’, ‘மேலும்’, ‘காணப்பட்டது’ போன்றவை. பெரியவர் கண்ணுக்கு எளிமையாகத் தெரிகிற இவற்றுக்குப் படம் கிடையாது, வீட்டில் யாரும் சொல்வதும் கிடையாது. நான் முதலில் வெட்டுவது இவற்றைத்தான்.

ஒரு புத்தகத்துக்குப் புதுச் சொல் இரண்டு மூன்று போதும். ஒவ்வொன்றும் மூன்று தடவையாவது வர வேண்டும். முதல் தடவை படத்துக்குப் பக்கத்தில் வரட்டும். செல்வி கதையில் அப்படி விட்ட ஒரு சொல் ‘கொட்டான்’. பனை ஓலையில் முடைந்த அந்தச் சின்னக் கூடை இங்கே பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. எழுதியவர் அதைக் ‘கூடை’ என்று மாற்றி வைத்திருந்தார். நான் திரும்பவும் கொட்டானைக் கொண்டுவந்தேன். கொட்டானைக் காட்டி ‘உள்ளே யாரு? உள்ளே யாரு?’ என்று கேட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால் பனங்கிழங்கு.

எங்க ஊர்ல உம்மா, வாப்பான்னுதான் சொல்லுவோம். புத்தகம்னா அம்மா, அப்பாதான் போடணுமா?

கீழக்கரையில் ஓர் அம்மா கேட்டது இது. கதை நடக்கிற வீட்டில் என்ன சொல்வார்களோ அதையே போடுங்கள். உம்மா, வாப்பா, ராத்தா என்று கேட்டுப் பழகாத பிள்ளையும் படத்தைப் பார்த்து இரண்டாவது பக்கத்தில் புரிந்துகொள்ளும். அந்த வீட்டுப் பிள்ளைக்கோ, தன் வீட்டுச் சொல் புத்தகத்திலிருந்து வருவது அத்தனை சந்தோஷம்.

ஆனால் உறவுச் சொல்லை மாற்றினால் வரியைத் திரும்பவும் வாசித்துப் பார்க்க வேண்டும். பள்ளியில் படித்த மாத்திரைக் கணக்கு இங்கே கைகொடுக்கும். கண் இமைக்கிற நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. அம்மா என்றாலும் உம்மா என்றாலும் மூன்றரைதான், வரி அசையாது. ‘பாட்டி’யும் மூன்றரை. ‘அப்பத்தா’ ஐந்து. செல்வி கதையில் பாட்டியை அப்பத்தா ஆக்கியபோது அவள் வருகிற ஒவ்வொரு வரியும் இழுத்தது. அந்த வரிகளில் பக்கத்துச் சொல் ஒன்றைக் குறைத்தேன். ‘பாட்டி மெல்லச் சிரித்தாள்’ என்பது ‘அப்பத்தா சிரித்தாள்’ ஆனது.

திரும்பத் திரும்ப வர்ற வரி ஒண்ணு வேணும்னு சொல்றீங்க. அதை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

பிள்ளைகள் கூட்டமாகக் கத்தினால் எப்படி ஒலிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். மூலப் பிரதியில் இருந்த கேள்வி “துளையினுள் இருப்பது யார்?” கடைசிச் சொல்லைத் தவிர்த்தால் குரலை நீட்ட ஓர் இடமும் இல்லை. ‘ளை’ நெடில் என்றாலும் சொல்லின் நடுவில் குறுகிவிடுகிறது, அதனால் ‘துளையினுள் இருப்பது’ முழுவதும் தட்டித் தட்டிப் போகிறது. “உள்ளே யாரு?” என்பதில் ‘ளே’, ‘யா’ இரண்டு நெடிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. பிள்ளைகள் அந்த இரண்டையும் பிடித்து இழுத்து, ‘ரு’வில் டக்கென்று விடுவார்கள். பாம்பனில் காற்று அடிக்கிற நாளில் திண்ணையில் வைத்து வாசித்தால் மெய்யெழுத்தில் முடிகிற சொற்களின் வால் காற்றோடு போய்விடும், நெடில் மட்டும்தான் கடைசி வரிசைப் பிள்ளை வரை போய்ச் சேரும்.

அந்த வரி ஒவ்வொரு தடவையும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் வர வேண்டும். ‘ஒரே மாதிரி வருகிறதே’ என்று எழுத்தாளர்கள் மூன்றாவது தடவையில் மாற்றிவிடுவார்கள். பிள்ளைகள் சேர்ந்து சொல்லத் தொடங்குவதே அந்த மூன்றாவது தடவையில்தான். வேறு மாதிரி ஒலித்ததும் அவர்கள் வாய் பாதியில் நின்றுவிடும்.

பக்கக் கணக்கு எனக்கு எதுக்கு? அது அச்சடிக்கிறவங்க வேலைதானே?

காகிதத்தை மடித்து அச்சடிப்பதால் பக்கங்கள் பதினாறு, இருபத்து நாலு, முப்பத்து இரண்டு என்றுதான் பெரும்பாலும் அமையும். ஆனால் பக்கம் திரும்புகிற கணம் உங்களுடையது. வாசிப்பில் இருக்கிற மிகப் பெரிய நிறுத்தம் அதுதான். முற்றுப்புள்ளியைவிடப் பெரியது.

செல்வி கதை பதினாறு பக்கம். முதல் பக்கம் தலைப்பு, இரண்டாவது பதிப்பு விவரம், கதை மூன்றில் தொடங்குகிறது. ஒற்றைப்படைப் பக்கம் எப்போதும் வலது கைப்பக்கம். அதனால் ‘உள்ளே யாரு?’ எல்லாவற்றையும் வலது பக்கத்தின் அடியில் வைத்தேன். மூன்றில் கேள்வி, திருப்பினால் நாலில் நண்டு. ஐந்தில் சங்கைப் பற்றிய கேள்வி, ஆறில் சங்குக்குள் குடியிருக்கிற இன்னொரு நண்டு. மூலப் பிரதியில் கேள்வியும் பதிலும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தன. கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் நண்டைப் பார்த்துவிட்டார்கள். யாரும் ஊகிக்கவே இல்லை.

எல்லா வரியும் ‘ஆள் ஆள்’னு முடியுது. எப்படிச் சரி பண்றது?

தமிழில் வினை கடைசியில் வருவதால் இது எல்லாருக்கும் நடக்கிறது. ‘செல்வி நடந்தாள். செல்வி பார்த்தாள். செல்வி குனிந்தாள்’ என்று வாசித்தால் தாலாட்டு மாதிரி ஆகிவிடும். முதல் வழி, வினையே இல்லாத வாக்கியம். ‘ஈர மணல்’ என்பதில் வினை இல்லை, ஆனால் குறையும் இல்லை. இரண்டாவது, வினையை வெட்டிவிட்டுப் பேச்சை மட்டும் விடுவது. யார் பேசுகிறார் என்று படம் காட்டினால் ‘என்றாள்’ தேவையில்லை. மூன்றாவது, வினையை முன்னால் போட்டுப் பெயரைக் கடைசியில் வைப்பது. ‘விறுவிறு விறுவிறு, வெளியே வந்தது... நண்டு!’ இங்கே பெயர் கடைசியில் வருவதால் காத்திருப்பும் கிடைக்கிறது. ஆனால் இந்தப் புரட்டலைப் பக்கத்துக்குப் பக்கம் செய்தால் மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடும். வெளிப்படுத்துகிற இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டா எழுதினா இன்னும் நல்லா இருக்காதா?

பாட்டு வருகிறவர் எழுதலாம். ஆனால் மேலே சொன்ன காரணத்தாலேயே தமிழில் கடைசி ஒலி ஒன்றுவது மிக எளிது. எந்த இரண்டு வினையைச் சேர்த்தாலும் ‘தது’, ‘தது’ என்று ஒன்றிவிடும். உழைக்காமல் கிடைக்கிற அந்த ஓசை காதில் நிற்பதில்லை. நம் காது தேடுவது வரியின் முன்பக்கத்தை. மோனையும் எதுகையும் அங்கேதான் இருக்கின்றன. ‘குட்டி ஓட்டை, எட்டிப் பார்த்தாள்’ என்பதில் அந்த ‘ட்டி’ மீண்டும் வருவதே போதும். ஓசைக்காகக் கதையில் இல்லாத பொருளைக் கொண்டுவந்தால் உடனே வெட்டிவிடுங்கள். ‘நண்டு’க்காக ‘செண்டு’ ஒன்று வந்திருந்தது, கடற்கரையில் அதற்கு வேலையே இல்லை.

சலசல, படபடன்னு ஒலிச் சொல் நிறையப் போடலாமா?

பக்கத்துக்கு ஒன்று போதும். மூன்று சேர்ந்தால் வெறும் இரைச்சலாகிவிடும். எதன் ஒலி அது என்பது சரியாக இருக்க வேண்டும். பனை ஓலைக்குச் ‘சலசல’ பொருந்தும். நண்டுக்குச் ‘சலசல’ வைத்திருந்தார்கள். நண்டு ஓடுவதில் காதில் விழுகிற ஒலி ஏதும் இல்லை, வேகம்தான் இருக்கிறது. அதற்கு ‘விறுவிறு’.

கடல்பசுன்னு போடவா, ஆவுளியான்னு போடவா?

இங்கே எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்பது. என் தேர்வு ஆவுளியா. கடற்புல் மேய்கிற விலங்கு என்பதால் ‘கடல்பசு’வில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் ‘பசு’ என்ற சொல் காதில் விழுந்ததும் பிள்ளை மனத்தில் கொம்பும் காலும் வந்துவிடுகின்றன. அப்புறம் படத்தோடு சண்டை. ஆவுளியா என்பதில் முதலிலும் கடைசியிலும் நெடில், கூப்பிட்டுப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. கடல்பசு என்றும் சொல்வார்கள் என்று பின்பக்கத்தில் பெரியவர்களுக்கு ஒரு வரி போட்டால் போதும்.

ஒரே சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருந்தா?

இது உண்மையிலேயே சிக்கலானது, கண்ணால் வாசித்தால் அகப்படவும் செய்யாது. செல்வி கதையின் ஐந்தாவது கேள்வி, மடித்து வைத்த வள்ளத்துப் பாய்க்குள் யார் என்பது. பிரதியில் வெறும் ‘பாய்’ என்று இருந்தது. வாசித்தபோது ஒரு பிள்ளை படுக்கிற பாய் என்று நினைத்தது. இன்னொரு பிள்ளைக்குத் தெருவில் கடை வைத்திருக்கிற பாய் நினைவுக்கு வந்துவிட்டார். ‘வள்ளத்துப் பாய்’ என்று முதல் தடவை சொல்லிவிட்டதும் சரியானது. புதுச் சொல்லுக்குச் சொன்ன அதே விதிதான், முதல் தடவை படத்துக்குப் பக்கத்தில், முழுப் பெயரோடு.

படம் சொல்றதை வெட்டச் சொன்னீங்க. வெட்டினது படத்துல வராமப் போனா?

எனக்கு நடந்திருக்கிறது. வேறொரு கதையில் ‘பயந்தாள்’ என்பதை வெட்டினேன், முகமே காட்டிவிடும் என்று நம்பி. ஓவியருக்கு எதுவும் எழுதி அனுப்பவில்லை. அவர் சிரிக்கிற முகம் வரைந்தார். கதையின் பாதி அர்த்தம் போய்விட்டது, படத்தைத் திரும்ப வரைய வேண்டிவந்தது. தவறு என்னுடையது. இப்போதெல்லாம் எதை வெட்டினாலும் அதே இடத்தில் ஓரத்தில் ஓவியருக்கு ஒரு குறிப்பு எழுதுகிறேன். படம் வந்த பிறகு பிரதியை இன்னொரு தடவை திருத்துகிறேன், அப்போது இன்னும் சில சொல் உதிரும்.

திருத்தி முடிச்சாச்சுன்னு எப்படித் தெரியும்?

நீங்களே வாசித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. எங்கே நிறுத்த வேண்டும் என்று உங்களுக்கு மனப்பாடம். கதையைப் பார்த்தே இராத மூன்று பேரிடம் கொடுத்து, முன்கூட்டிப் பார்க்க விடாமல் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் பென்சிலோடு உட்காருங்கள், போனில் பதிவு செய்துகொண்டாலும் சரி. ஒருவர் தடுக்கினால் விட்டுவிடலாம். அதே இடத்தில் இரண்டாமவரும் தடுக்கினால் குற்றம் வரியில் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாசிக்கிறவர் தன்னை அறியாமல் சொல்லை மாற்றுவார். ‘கொட்டானைத் திறந்தாள் செல்வி’ என்று அச்சில் இருந்ததை இரண்டு டீச்சர்கள் ‘கொட்டானைத் தொறந்து பாத்தா செல்வி’ என்று வாசித்தார்கள். பேச்சுக்கு மாற்றியது பழக்கம், அதை விட்டுவிட்டேன். ஆனால் இரண்டு பேருமே ‘பார்த்து’ சேர்த்தது எனக்குச் செய்தி. திறப்பது மட்டும் போதவில்லை, உள்ளே பார்க்கிற ஒரு கணம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ‘திறந்து பார்த்தாள்’ என்று பிரதியை மாற்றினேன்.

கடைசிப் பக்கத்துல ஒரு கருத்து சொல்ல வேண்டாமா?

மூலப் பிரதி இப்படி முடிந்தது: “எதையும் ஆராய்ந்து அறிய வேண்டும் என்பதைச் செல்வி உணர்ந்தாள்.” ‘வியப்படைந்தாள்’ என்பதை எதற்காக வெட்டினேனோ அதற்காகவே இதையும் வெட்டினேன். எழுதியவருக்கு வருத்தம். கருத்து இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் வாங்க மாட்டார்கள் என்றார். செல்வி ஐந்து தடவை குனிந்து, எட்டி, திறந்து பார்த்ததைப் பிள்ளைகள் கூடவே கத்திக்கொண்டு பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லி, அடுத்த வாசிப்புக்கு அவரையும் கூட்டிப்போனேன்.

இப்போது பன்னிரண்டாம் பக்கத்தில் வள்ளத்துப் பாய்க்குள்ளிருந்து தாத்தா தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வருகிறார். பதினாலில் அவர் சுருட்டி வைத்த பாய் திரும்பவும் அசைகிறது. பதினைந்தில் அப்பத்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்கிறாள்: “உள்ளே யாரு? உள்ளே யாரு?” பதினாறாம் பக்கத்தில் எழுத்தே இல்லை. பாய்க்கு வெளியே மணல் ஒட்டின இரண்டு குட்டிப் பாதம் மட்டும். அன்றைக்கு வாசித்த டீச்சர் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டார். “செல்வீ!” என்று பிள்ளைகள் போட்ட சத்தத்தில் எழுதியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.